பழைய படத்தில் கேமரா நின்ற இடம்: புதுச்சேரி கடற்கரைச் சாலைப் படம் ஒன்றை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு சதுரப் படம் உண்டு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தாத்தா வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக நிற்கிறார். இடதுபக்கம் கடல். அவருக்குப் பின்னால் காந்தி சிலையின் திட்டு, அதற்கும் பின்னால், தெற்கே தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் வாசல் தூண். படத்தை எடுத்த பெரியப்பா எங்கே நின்றார் என்பதை வரைபடத்தில் குறித்து, அதே இடத்தில் போய் நின்று வந்தோம். அதைச் சொன்னதிலிருந்து ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

"ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு தூரத்தை எப்படிச் சார் சொல்ல முடியும்? படம் தட்டையாகத்தானே இருக்கிறது?"

ஒரு பொருளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பொருள்கள் வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வரைபடத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் போதும், லென்ஸ் என்ன, கேமரா என்ன என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை.

காரணம் எளிது. இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள பொருள் பாதி அளவில் தெரியும், மூன்று மடங்கு தூரத்தில் உள்ளது மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். ஆகவே கிட்டத்தில் உள்ளதும் எட்டத்தில் உள்ளதும் எத்தனை மடங்கு வித்தியாசத்தில் தெரிகின்றன என்று படத்திலேயே அளந்துகொள்ளலாம். மூன்று மடங்கு என்று வந்தால், எட்டத்தில் உள்ளது கிட்டத்தில் உள்ளதைவிட மூன்று மடங்கு தொலைவில் இருக்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம், கேமராவிலிருந்து முதல் பொருள் வரையுள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு. இடைத்தூரம் 80 மீட்டர் என்று வரைபடம் சொன்னால், கேமரா முதல் பொருளிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்றது.

கணக்காக எழுதினால் இந்த ஒரு வரிதான்:

```
d1 = D / (p1/p2 - 1)
```

`D` என்பது இரண்டு பொருள்களுக்கும் இடையே வரைபடத்தில் உள்ள தூரம். `p1` கிட்டத்துப் பொருளின் படத்து அளவு, `p2` எட்டத்துப் பொருளின் படத்து அளவு. `d1` நாம் தேடுவது, அதாவது கேமராவிலிருந்து கிட்டத்துப் பொருள் வரையுள்ள தூரம்.

"ஆனால் சிலைத் திட்டும் வாசல் தூணும் ஒரே உயரம் இல்லையே? எதை எதோடு ஒப்பிட்டீர்கள்?"

நல்ல கேள்வி. நானும் முதலில் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன். உயரம் தெரியாத இரண்டு பொருள்களின் உயரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. வரிசையாக ஒரே மாதிரி மின்கம்பங்கள் இருந்தால் அவற்றின் உயரத்தையே ஒப்பிட்டுவிடலாம். எங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக நான் அளந்தது பொருளின் உயரத்தை அல்ல. அதன் அடி தரையைத் தொடும் இடத்திலிருந்து கண்மட்டக் கோடு வரை உள்ள தூரத்தை. கண்மட்டம் என்று நான் சொல்வது, கேமரா இருந்த உயரத்தில் படத்தின் குறுக்கே போகும் கிடைக்கோடு. கடற்கரைப் படத்தில் கிட்டத்தட்ட தொடுவானம்தான் அது.

தரை சமமாக இருந்தால், எந்தப் பொருளின் அடியிலிருந்தும் கண்மட்டம் வரை உள்ள உயரம் நிஜத்தில் ஒன்றுதான்: கேமராவின் உயரம். தாத்தாவின் காலடியிலும் அதே உயரம், சிலைத் திட்டின் மூலையிலும் அதே, வாசல் தூணின் அடியிலும் அதே. ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவுள்ள கண்ணுக்குத் தெரியாத குச்சியை நட்டு வைத்த மாதிரி. அந்தக் குச்சி படத்தில் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறதோ அவ்வளவு தொலைவு. பொருளின் உயரம், அகலம் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தரையைத் தொடும் அடி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். இந்த அளவுக்கு "அடி இறக்கம்" என்று எனக்கு நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.

இதில் இன்னொரு வசதி. கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே கணக்கில் வராது. இரண்டு அடிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெரியப்பா சாலையில் நின்றிருந்தாலும், ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தாலும் விகிதம் மாறாது.

"உங்கள் படத்துக் கணக்கை முழுசாக ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்."

சரி. மூன்றேகால் அங்குலச் சதுரப் படம். ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுத்தேன், 1950 பிக்சல் வந்தது. படத்தைத் திரையில் பெரிதாக்கி மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டேன்: தொடுவானம், சிலைத் திட்டின் மூலை தரையைத் தொடும் புள்ளி, எட்டத்து வாசல் தூணின் அடி.

தொடுவானத்திலிருந்து திட்டின் மூலை 69 பிக்சல் கீழே இருந்தது. வாசல் தூணின் அடி 21 பிக்சல் கீழே. கூகுள் மேப்பில் `Measure distance` கொண்டு அந்த மூலைக்கும் தூணுக்கும் இடையே அளந்தால், முழு எண்ணாக 80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 69ஐ 21ஆல் வகுத்தால் 3.29. அதிலிருந்து ஒன்றைக் கழித்து, 80ஐ வகுத்தால் 35 மீட்டர்.

இந்த 35 தப்பு. ஏன் என்று அடுத்த கேள்வியில் வரும். திருத்திய பிறகு அடி இறக்கங்கள் 72, 24 ஆயின. விகிதம் சரியாக 3, விடை 40 மீட்டர்.

தூரம் மட்டும் கிடைத்தால் ஒரு புள்ளி கிடைத்துவிடாது, திசையும் வேண்டும். படத்தில் வாசல் தூண், சிலைத் திட்டின் மூலையை ஒட்டினாற்போல வலது பக்கம் தெரிகிறது. இது அதிர்ஷ்டம். வரைபடத்தில் அந்தத் தூணிலிருந்து திட்டின் மூலை வழியாக ஒரு நேர்கோடு போட்டு வடக்கே நீட்டினேன். கேமரா அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். மூலையைத் தாண்டி அந்தக் கோட்டிலேயே 40 மீட்டர் போனால் பெரியப்பா நின்ற இடம்.

இந்த மாதிரி ஒன்றின் பின் ஒன்று மறைவது போலத் தெரியும் ஜோடியைத்தான் முதலில் தேட வேண்டும். மீனவர்கள் கடலில் இருந்தபடி கரையிலுள்ள கோபுரத்தையும் தென்னையையும் ஒரு கோட்டில் வைத்து இடம் பிடிப்பார்கள் இல்லையா, அதே யுக்திதான். அவர்கள் கணக்கு எழுதுவதில்லை, நாம் எழுதுகிறோம்.

"தொடுவானம்தான் கண்மட்டம் என்றீர்கள். பிறகு ஏன் 3 பிக்சல் கூட்டினீர்கள்? விடை பிடித்த மாதிரி வர வேண்டும் என்றா?"

சிரித்துவிட்டேன். சந்தேகப்படுவது சரிதான். நானே எண்களை இழுத்து வளைக்கிறேனோ என்று எனக்கும் தோன்றியது.

பூமி உருண்டை. கடலின் விளிம்பு நம் கண்ணுக்கு நேர் கிடையாக இல்லை, மிகக் கொஞ்சம் கீழே இருக்கிறது. எவ்வளவு கீழே என்பது நாம் கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்கினால், பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையில் அந்த இறக்கம் கிடைக்கும். கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே கேமரா இருந்தால் சுமார் 4 கலை. மிகச் சிறிய கோணம்தான். கடற்கரையில் நின்று வெறும் கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஆனால் எங்கள் ஸ்கேனில் ஒரு பிக்சல் சுமார் 1.3 கலை. ஆக 4 கலை என்பது 3 பிக்சல். கிட்டத்துப் பொருளுக்கு 69ல் 3 பெரிய விஷயமில்லை. எட்டத்துப் பொருளுக்கு 21ல் 3 என்பது ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் விடை 5 மீட்டர் தவறியது.

கேமரா உயரமும் லென்ஸும் தெரியாதவர்கள் இதை வேறு வழியில் சரிபார்க்கலாம், நான் நம்பியதும் இந்த வழியைத்தான். சாலையின் ஓரக்கல் வரிசை, எதிர்ப்பக்கக் கட்டடங்களின் மதில் மேல்விளிம்பு, இவை நிஜத்தில் இணையாகவும் கிடையாகவும் ஓடுகின்றன. படத்தில் அவை எட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். அடிக்கோல் வைத்து இரண்டு மூன்று கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளி கண்மட்டத்தில் இருக்கும். உண்மையான கண்மட்டம், கடல் விளிம்பு அல்ல. எங்கள் படத்தில் அந்தப் புள்ளி தொடுவானத்துக்கு 3 பிக்சல் மேலே விழுந்தது. இரண்டு வழியும் ஒரே எண்ணைச் சொன்ன பிறகுதான் நிம்மதி.

கோடுகள் நேர்த்தியாக ஒரே புள்ளியில் சந்திக்காது, சின்ன முக்கோணமாக வரும். அதன் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணம் பெரிதாக இருந்தால் சாலை எங்கோ ஏறி இறங்குகிறது அல்லது வளைகிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டை நீக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

"கடலே தெரியாத படம். தெருவுக்குள் எடுத்தது. கண்மட்டம் எப்படி எடுப்பது?"

மேலே சொன்ன குவியும் கோடுகள்தான். தெருப்படத்தில் அது இன்னும் எளிது. புதுச்சேரியின் பழைய நகரத் தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக ஓடுகின்றன, ஜன்னல் மேல்விளிம்பு, பால்கனி, மதில் என்று கோடுகளுக்குப் பஞ்சமில்லை.

ஆட்கள் இருந்தால் இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. சமதரையில் நிற்கும் எல்லோரையும் கண்மட்டக் கோடு ஒரே உயரத்தில்தான் வெட்டும், கிட்டத்தில் நின்றாலும் சரி, அரை கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் சரி. நின்றபடி செல்போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து எடுத்த படத்தில் ஏறக்குறைய ஒரே உயரமுள்ள பெரியவர்கள் எல்லோருடைய தலையும் ஒரே கோட்டில் வரும், கால்கள் மட்டும் ஏறி இறங்கும்.

எங்கள் தாத்தாவைத் தொடுவானம் இடுப்பில் வெட்டுகிறது, வேட்டி முடிச்சுக்குச் சற்று மேலே. பெரியப்பா குள்ளமில்லை, உட்கார்ந்தும் எடுக்கவில்லை. அவரிடம் இருந்தது மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. அதை வயிற்றருகே பிடித்துத்தான் எடுப்பார்கள். சதுரப் படமும் அதனால்தான். தொடுவானம் எங்கே வெட்டுகிறது என்பதிலிருந்தே எந்த மாதிரிக் கேமரா என்று தெரிந்தது எனக்குப் பிடித்த சங்கதி.

"டெலி லென்ஸில் எடுத்தால் எல்லாம் கிட்டக் கிட்டத் தெரியுமே? அப்போது கணக்கு பொய்யாகிவிடாதா? எங்களிடம் தேவனாம்பட்டினத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, படகும் பின்னால் உள்ள கம்பமும் ஒட்டி நிற்கிற மாதிரி இருக்கும்."

லென்ஸ் எதையும் சுருக்குவதில்லை. தூரமாகப் போய் நிற்பதால்தான் அப்படித் தெரிகிறது. அதே இடத்தில் நின்று சாதாரண லென்ஸில் எடுத்து, நடுவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் டெலி லென்ஸ் படத்தோடு அச்சாகப் பொருந்தும். ஆகவே விகிதம் மாறாது. யாராவது படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தாலும், பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டிருந்தாலும் விகிதம் மாறாது.

ஆனால் உங்கள் படத்தில் வேறு சிக்கல் இருக்கிறது. ஒட்டித் தெரிகிறது என்றாலே விகிதம் ஒன்றுக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். அங்கே இந்த முறை தடுமாறும். ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள். இடைத்தூரம் 10 மீட்டர், அடி இறக்கங்கள் 40, 36 பிக்சல். கணக்குப்படி கேமரா 90 மீட்டரில் இருக்கிறது. எட்டத்துப் பொருளின் அடியை ஒரே ஒரு பிக்சல் தப்பாக வைத்து 35 என்று எடுத்தால் 70 மீட்டர். 37 என்று எடுத்தால் 123 மீட்டர். ஒரு பிக்சல் பிசகுக்கு ஐம்பது மீட்டர் ஊசலாட்டம். இதை வைத்து வரைபடத்தில் புள்ளி குத்துவதற்கு, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம்.

எங்கள் படத்தில் அதே ஒரு பிக்சல் பிசகினால் என்ன ஆகும்? 24க்குப் பதில் 23 என்றால் 37.6 மீட்டர், 25 என்றால் 42.6. ஆக இருபுறமும் இரண்டரை மீட்டர். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், எங்கள் ஜோடி ஒன்றுக்கு மூன்று என்ற தொலைவில் இருக்கிறது, உங்களுடையது ஒன்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. எட்டத்துப் பொருள் குறைந்தது இரண்டு மடங்கு தொலைவிலாவது இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. அதற்கும் குறைந்தால் வேறு ஜோடி தேடுவேன்.

இன்னொன்று, படகை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அன்று சாயங்காலமே வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

"இரண்டு அடையாளங்களும் ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம் என்று இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அப்படியே போடலாமா?"

போடக் கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். அடி இறக்கம் சொல்வது கேமரா பார்த்த திசையில் உள்ள ஆழத்தை மட்டும்தான், பக்கவாட்டுத் தூரம் அதில் இல்லை. ஒரு பொருள் இடது ஓரத்திலும் இன்னொன்று வலது ஓரத்திலும் இருந்தால், அவற்றுக்கு இடையே உள்ள 80 மீட்டரில் பாதி குறுக்குவாட்டில் போயிருக்கலாம்.

செய்ய வேண்டியது: கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்று வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். கடற்கரைச் சாலை வடக்குத் தெற்காக ஓடுவதால் எங்களுக்கு இது எளிதாக இருந்தது. இரண்டு பொருள்களிலிருந்தும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்து இறக்கி, கோட்டின் மேல் விழும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளப்பதுதான் `D`. முடிந்தவரை படத்தின் நடுப்பகுதியில், பக்கத்தில் பக்கத்தில் தெரியும் ஜோடியாக எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

"படம் கோணலாக இருக்கிறது. ஆல்பத்தில் ஒட்டியிருந்ததைச் செல்போனில் எடுத்தேன். பரவாயில்லையா?"

இரண்டு விதக் கோணல் உண்டு. எடுத்தவர் கேமராவைச் சாய்த்துப் பிடித்ததால் தொடுவானம் சரிந்திருந்தால் பாதகமில்லை, அந்தச் சரிந்த கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் போதும். கேமராவைச் சற்று மேலே அல்லது கீழே பார்த்துப் பிடித்திருந்தாலும் கண்மட்டக் கோடு படத்துக்குள் இருக்கும்வரை பெரிய பிசகு வராது.

ஆல்பத்தைச் செல்போனில் சாய்வாக எடுத்தது வேறு விஷயம். அங்கே காகிதமே ஒரு பக்கம் சிறுத்துவிடுகிறது, அதற்கு மேல் அளந்தால் எல்லாம் கெட்டுவிடும். படத்தின் நான்கு மூலைகளையும் செங்கோணமாகத் திருத்திவிட்டு அளக்கலாம். ஆல்பத்திலிருந்து கழற்றி ஸ்கேன் செய்வது இன்னும் நல்லது. நாலு மூலையில் செருகியிருந்தால் கழற்றுவது சுலபம், கோந்து போட்டு ஒட்டியிருந்தால் கழற்ற முயலாதீர்கள், கிழிந்துவிடும்.

செல்போனின் பனோரமா படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

"திட்டின் மூலையைத்தான் அளக்க வேண்டுமா? சிலையைச் சுற்றி நிற்கும் தூணையே அளந்தால் என்ன? எனக்கு விடை கடலுக்குள் போகிறது."

அந்தத் தூண் திட்டின் மேல் நிற்கிறது. அதன் அடி சாலையின் மட்டத்தில் இல்லை, மேலே இருக்கிறது. இரண்டு அடிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை அங்கேயே உடைத்துவிட்டோம். வயிற்றருகே பிடித்த கேமராவுக்குத் திட்டு அரை மீட்டர் உயர்ந்தாலே அடி இறக்கம் பாதியாகிவிடும். விடை தாறுமாறாக வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அளந்த அடி உண்மையில் தரையைத் தொடுகிறதா, அல்லது படி, திண்ணை, மதில், செடி எதையாவது அடி என்று எடுத்துக்கொண்டோமா?

அடுத்து பார்ப்பது, படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று. நெகட்டிவை முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்ட படங்கள் உண்டு. புதுச்சேரியில் கடல் கிழக்கே. தெற்கே பார்த்தால் கடல் இடது கைப்பக்கம்தான் வரும். பெயர்ப்பலகை இருந்தால் எழுத்து சொல்லிவிடும், இல்லாவிட்டால் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, விடை கடலுக்குள் போவதாலேயே அது தப்பு என்று சொல்லிவிட முடியாது. 1980களின் கடைசியில் துறைமுக முகப்பில் அலைத்தடுப்புகள் கட்டிய பிறகு நகரத்துக் கடற்கரையில் மணல் கரைந்து போனது. இன்று பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்திலும் அதற்கு அப்பாலும் முன்பு மணலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தைய படமாக இருந்தால், கேமரா இன்றைய அலைக்கு நடுவில் நின்றிருக்கலாம். மணலில் நின்று எடுத்தாலும் கணக்கு மாறாது, சாலையின் மேல் உள்ள இரண்டு அடிகளை ஒப்பிடும்வரை. ஒன்றை மணலிலும் ஒன்றைச் சாலையிலும் எடுத்தால்தான் வம்பு.

"படம் எந்த வருஷம் என்று தெரியாவிட்டால்? இன்றைய வரைபடத்தில் அளப்பது சரியா?"

அளக்கும் இரண்டு பொருள்களும் அன்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்க வேண்டும், அதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். 1836ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் அங்கேயே நிற்கிறது. 1952 புயலில் உடைந்த பழைய கடற்பாலத்தை இன்றைய வரைபடத்தில் வைத்து அளக்க முடியாது. விளக்குக் கம்பங்களை நான் நம்புவதில்லை, சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவை இடம் மாறுகின்றன. எங்கள் படத்தில் ஓர் அழகான கம்பம் இருந்தது, அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

"கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? 40 மீட்டர் என்பது 30ஆக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?"

இடத்தில் போய் நின்றால் தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒரு பொருளை வைத்து வீட்டிலேயே ஒருமுறை சோதிக்கலாம்: கணக்கில் சேர்க்காத ஒரு மதில் மூலையின் அடி இறக்கத்தை அளந்து, அது எத்தனை மீட்டரில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் கணக்கில் 40 மீட்டருக்கு 72 பிக்சல் என்றால் 60 மீட்டருக்கு 48 வர வேண்டும். 60 மீட்டரில் இருந்த ஒரு மதில் மூலைக்கு 47 வந்தது. போதும் என்று கிளம்பினோம்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் போகாது. கோடு சாலையின் நடுவில் விழுந்திருந்ததால் விடிகாலையில் போனோம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திட்டின் மூலையிலிருந்து டேப் பிடித்து 40 மீட்டர் அளந்து, செருப்பைக் கழற்றி அடையாளமாக வைத்தேன். நின்று பார்த்தால் வாசல் தூண் மூலைக்குப் பின்னால் பாதி மறைந்தது. படத்தில் அது முழுதாக, மூலையை ஒட்டி வலது பக்கம் தெரிகிறது. ஓர் எட்டு வலதுபக்கம் வைத்தேன், தூண் வெளியே வந்துவிட்டது. பக்கவாட்டில் இவ்வளவு நுட்பமாகத் தெரியும். முன்பின் அவ்வளவு நுட்பம் இல்லை. இரண்டு மீட்டர் முன்னே போனாலும் பின்னே போனாலும் காட்சியில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. நான் சொன்ன அந்த இரண்டரை மீட்டர் பிசகு இதுதான்.

பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். செருப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "இங்கே இல்லடா, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று வடக்கே நாலு எட்டு போய் நின்றார். அது 43 மீட்டர். படத்தில் அளந்ததையும் அவர் நினைவையும் வைத்து இன்னும் எங்கள் வீட்டில் வழக்கு தீரவில்லை. செல்போனை வயிற்றருகே பிடித்து இரண்டு இடத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.